மூன்று மணிக்கு வரும் காலை வணக்கம்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் வயது 54. பழைய வண்ணாரப்பேட்டையில் கணவர், மகனோடு வசிக்கிறேன். என் பிரச்சினையைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் அண்ணன் தினமும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் படம் அனுப்புகிறார். ரோஜாப் பூ, சூரியன், ஒரு பொன்மொழி. செவ்வாய்க்கிழமை முருகன், வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன். அதில் ஒரு கேள்வி இருக்காது, ஒரு சொல் இருக்காது. "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டதே இல்லை. அதுவும் அவர் உருவாக்கிய படமா என்றால் இல்லை. பலமுறை பகிரப்பட்டது என்ற இரட்டை அம்புக்குறியோடு வருகிறது. யாரோ யாருக்கோ அனுப்பியதை எனக்குத் தள்ளிவிடுகிறார். குடும்பக் குழுவிலும் அதே படம்தான்.

இதற்கு நான் என்ன பதில் போடுவது? கட்டைவிரல் போடுகிறேன். சில நாள் அதுவும் போடுவதில்லை. போடாவிட்டால் மரியாதை இல்லை என்று நினைப்பாரோ என்று உறுத்துகிறது. போட்டால் ஏன் போட்டோம் என்று எரிச்சலாக இருக்கிறது.

அம்மா இருந்த திருவொற்றியூர் வீட்டில் அவர்தான் இருக்கிறார். என் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போன ஆவணியில் அண்ணி தவறிப்போனார். அதுவரை பொங்கலுக்குக் கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை என்று சீர் தவறாமல் வரும். இந்தப் பொங்கலுக்கு வந்தது ஒரு பொங்கல் பானைப் படம். பிறந்த வீட்டுச் சீர் ஒரு படமாகிவிட்டதே என்று அன்று முழுவதும் அழுதேன். என் மகளின் வளைகாப்புக்கும் வந்து உட்கார்ந்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுந்து போய்விட்டார். அதைக்கூட விடுங்கள், முன்பெல்லாம் பால் வாங்கி வந்தபின் ஆறு மணிக்கு அனுப்புவார், இப்போது இரவு மூன்று மணிக்கே படம் வந்து போன் ஒலிக்கிறது, என் தூக்கமும் போகிறது. மறுபடியும் சொல்கிறேன், எனக்குச் சீர் முக்கியமில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் வருத்தம். கேள்வியே இல்லாத படத்துக்கு என்னதான் பதில் சொல்ல முடியும்?

- ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

நான் சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் கண் நின்ற இடம், "அதைக்கூட விடுங்கள்" என்று நீங்கள் தொடங்கும் வாக்கியம். அதை விட முடியாது. வீட்டுப் பங்கும் சீரும் அதற்குப் பின்னால் நிற்கட்டும்.

துணையை இழந்து ஓராண்டு நிறையாத ஒருவர், முன்பு ஆறு மணிக்குப் பால் வாங்கி வந்தபின் போனைத் தொட்டவர், இப்போது மூன்று மணிக்கே தொடுகிறார். அவர் தூங்காமல் இருக்கிறார் என்பதுதான் அந்தப் படம் கொண்டுவரும் செய்தி. ரோஜாவிலும் பொன்மொழியிலும் ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் படத்தின் கீழே சிறிய எழுத்தில் நேரம் இருக்கிறதே, அது பகிரப்பட்டது அல்ல, அவருடையது.

வழக்கமான நேரத்துக்கு இரண்டு மணி நேரமோ அதற்கும் மேலோ முன்னதாக விழித்து, பிறகு தூக்கம் பிடிக்காமல் கிடப்பதை மனச்சோர்வின் அடையாளங்களில் ஒன்றாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒன்றை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர் சிறுநீர் கழிக்க எழுந்து, அப்படியே விழித்துக் கிடப்பதும் உண்டு. ஆண்களுக்கு இந்த வயதில் புராஸ்டேட் தொல்லையும் சேரும். ஆனால் நீங்களே இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: வளைகாப்பு வீட்டில் சாப்பிட்டும் சாப்பிடாமலும் எழுந்து போனார். அதை உங்களுக்கு நேர்ந்த அவமரியாதையாகக் கணக்கில் வைத்தீர்கள். மனைவியை இழந்தவர் ஒரு மங்கல நிகழ்ச்சியில் தனியாக உட்கார்ந்திருந்தார், அவருக்குச் சோறு இறங்கவில்லை என்று நான் படிக்கிறேன். தூக்கமும் பசியும் ஒன்றாகக் குறைவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

இரட்டை அம்புக்குறியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கோபத்துக்கு நீங்கள் காட்டும் முதல் சான்று அதுதான். பல கைகள் மாறிவந்த செய்தியில்தான் அந்தக் குறி விழும். அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே பகிர முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆக, உங்கள் அண்ணன் குழுவில் படத்தைப் போட்டதோடு நிற்கவில்லை. மறுபடியும் அதே படத்தைத் தொட்டு, உங்கள் பெயரைத் தேடி எடுத்துத் தனியாக அனுப்புகிறார். கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளிவிடுகிறார் என்பதற்கு நீங்கள் காட்டிய குறி, உங்களைத் தனியாக நினைக்கிறார் என்பதைத்தான் காட்டுகிறது.

அப்படி நினைப்பவர் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? உங்கள் வீட்டில் கேட்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தவர் அண்ணி என்று தோன்றுகிறது. கரும்பைப் பேரம் பேசி வாங்கியதும், உங்களுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று நினைவில் வைத்திருந்ததும் யார்? நம் குடும்பங்களில் அண்ணன் சீர் என்று பெயர் இருந்தாலும் அதைச் சுமந்து வருவது பெரும்பாலும் அண்ணிதான். அவர் போனபின் வந்த முதல் பொங்கல் இது. சாவு நடந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடும் வழக்கம்கூட நம்மில் பலருக்கு இல்லை. அந்த வீட்டில் பானை ஏறியிருக்காது. அவருக்கு அனுப்பத் தெரிந்தது அந்தப் படம் ஒன்றுதான். நீங்கள் அழுதது நியாயம். ஆனால் அந்த அழுகையில் அண்ணி இல்லாத துயரமும் கலந்திருக்கிறது. அதை நீங்களும் அவரும் தனித்தனியே அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவர் உங்களை எதுவும் கேட்கவில்லை என்று பலமுறை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவரைக் கேட்டதாக ஒரு இடத்திலும் எழுதவில்லை. அண்ணியின் காரியத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனதாகவும் எழுதவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். செய்தி சொல்வதற்காக அல்லாமல், உறவைத் தொட்டுக்கொண்டிருப்பதற்காகவே மனிதர்கள் பேசும் பேச்சு ஒன்று உண்டு என்று மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் எழுதினார். தெருவில் எதிர்ப்படுபவரிடம் "என்ன, கடைக்கா?" என்கிறோமே, அந்த வகை. அவர் எங்கே போகிறார் என்பது நமக்குத் தேவையில்லை, அவரும் விவரம் சொல்வதில்லை. காலை வணக்கப் படம் அப்படிப்பட்ட பேச்சு. அதற்கு விடை தேட வேண்டாம், பதில் வணக்கம் போதும். கட்டைவிரல் பதில் வணக்கம் ஆகாது. அது கிடைத்தது என்று கையெழுத்துப் போட்டுத் தருவது. பதிலுக்கு இன்னொரு ரோஜாப் படம் அனுப்புவதும் உங்கள் விஷயத்தில் உதவாது. இரண்டு பக்கமும் படங்கள் குவியுமே தவிர, அவருடைய மூன்று மணி அப்படியே இருக்கும்.

"ஏன் தூங்கவில்லை? என்ன ஆயிற்று?" என்று எடுத்த எடுப்பில் எழுதவும் வேண்டாம். இவ்வளவு நாள் கட்டைவிரல் மட்டும் வந்த இடத்திலிருந்து திடீரென்று விசாரணை வந்தால், "ஒன்றுமில்லை" என்று எழுதி முடித்துவிடுவார். நாளையிலிருந்து படத்தையும் நிறுத்திவிடக்கூடும்.

வணக்கம் சொல்லுங்கள். அண்ணா என்று கூப்பிடுங்கள். அதன் கீழே உங்கள் வீட்டிலிருந்து ஒரு சிறு சங்கதி எழுதுங்கள், அவர் பதில் சொல்ல ஒரு பிடி கிடைப்பதுபோல. செவ்வாய்க்கிழமை முருகன் படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுந்தபின் இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணா. நேற்று அவரைக்காய்ப் பொரியல் செய்தேன். அண்ணி செய்யும் பக்குவம் வரவில்லை. அவர் தேங்காயோடு வேறு என்ன சேர்ப்பார், நினைவிருக்கிறதா?"

இதில் அண்ணி வருகிறார் என்பது முக்கியம். இறந்தவரின் பேச்சை எடுத்தால் மனது புண்படும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். துணையை இழந்தவரோ, தன் மனைவியைப் பற்றி யாராவது பேச மாட்டார்களா என்று காத்திருப்பதுண்டு. முதல் நாள் கைகூப்பிய படம் மட்டும் வரலாம். வந்தால் வரட்டும், மறுநாளும் வேறொரு சங்கதி எழுதுங்கள். தட்டச்சு செய்வது அவருக்குச் சிரமமாக இருந்தால், நீங்கள் குரல் பதிவாக அனுப்புங்கள். அவரும் குரலில் பதில் தருவது எளிது, அந்தக் குரல் எப்படி இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். இரவில் போனின் ஒலியை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். காலையில் படம் வந்த நேரத்தை மட்டும் பாருங்கள். என்றைக்காவது படமே வராவிட்டால் உடனே அழைத்துப் பேசுங்கள். குடும்பக் குழுவில் வரும் அதே படத்துக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், அங்கே யாரும் யாரையும் எதிர்பார்ப்பதில்லை.

வீட்டுப் பங்கு உங்கள் உரிமை. அதை விட்டுக்கொடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நேரில், வேறொரு நாளில், உங்கள் கணவரையும் அண்ணனுடைய பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அதற்கு முன், இந்த வெள்ளிக்கிழமையே திருவொற்றியூருக்குப் போங்கள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் தேரடியில் இறங்கிவிடலாம். சாப்பாடு எடுத்துப் போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். சட்டை தொளதொளவென்று இருக்கிறதா, முகம் மழிக்கப்பட்டிருக்கிறதா, அடுப்பு எரிந்த அடையாளம் இருக்கிறதா, கோயிலுக்கோ கடற்கரைக்கோ போவதை நிறுத்திவிட்டாரா என்று கவனியுங்கள். தூக்கத்தைப் பற்றி அங்கே கேளுங்கள், சாப்பிட்டு முடித்தபின். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்பதுபோல் பேசினால் பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் அன்று அவரைத் தனியாக விட்டு வராதீர்கள். அங்கிருந்தபடியே 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.