சென்னை–கோவை போய்வந்தால் லாரிக்காரர் கையில் எவ்வளவு நிற்கும்?

கேள்வி: பத்துச் சக்கர லாரி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். டீசல், டோல், டிரைவர் படி, ஏற்றுக்கூலி, டயர் எல்லாம் போக ஒரு டிரிப்புக்கு என்ன மிஞ்சும்?

மாதவரத்தில் ஒரே ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறேன். என் கணக்கையே சொல்கிறேன்.

போன மாதம் கோவைக்குப் போக 30,000 வாடகை, ரிட்டன் லோடுக்கு 20,000. லோடு ஏற்றி இறக்கும் சுற்றையும் சேர்த்து 1,040 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 260 லிட்டர். 92 ரூபாய் வீதம் ஏறத்தாழ 23,900. மைலேஜை டிரைவர் சொல்வதை வைத்துப் போடாதீர்கள். டேங்கை வாய் வரை நிரப்பிக் கிளம்பி, திரும்பியதும் அதே பங்க்கில் மறுபடி நிரப்பினால் உண்மை தெரிந்துவிடும்.

டோல் இரு வழிக்கும் 5,600. டிரைவர் படி 4,000. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியில் என் பங்கு 2,500, லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸுக்குக் கமிஷன் 2,000. வாடகை பேசும்போதே கூலி யார் தலையில் என்று கேட்டுவிடுங்கள். குடோன் வாசலில் நின்று பேசினால் உங்கள் தலையில்தான் விழும்.

அப்புறம் டயர். அன்றன்று பணம் போகாததால் பலர் இதை லாபமென்று நினைத்துச் செலவழித்துவிடுகிறார்கள். ஒரு டயர் 22,000, பத்துக்கு 2,20,000. தேய்ந்தபின் மேலே புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங்குக்கு இன்னொரு 70,000. புதிதில் 80,000, ரீட்ரேடிங்கில் 50,000 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்குச் சுமார் 2.20 ரூபாய். இந்த டிரிப்புக்கு 2,300. இது காற்று சரியாக இருந்தால்தான். பின்னால் இரட்டையாக இருப்பதில் ஒன்றில் காற்று குறைந்தால் வெளியே தெரியாது, பக்கத்து டயர் முழுச் சுமையையும் வாங்கித் தேயும். என் டிரைவர் கிளம்புமுன் ஒவ்வொன்றையும் இரும்புக் கம்பியால் தட்டுவார். ‘டங்’ என்று துள்ளாமல் ‘பொத்’ என்றால் காற்றில்லை. ஓவர்லோடு ஏற்றினால் இந்தக் கணக்கே செல்லாது.

ஆக, செலவு 40,300. மிச்சம் 9,700. நீங்கள் கேட்ட பட்டியல் இதோடு முடிகிறது, ஆனால் இது உங்கள் பணம் இல்லை. எனக்கு இஎம்ஐ, இன்சூரன்ஸ், வரி, சர்வீஸ் எல்லாம் மாதம் 54,000, அதாவது வண்டி ஓடினாலும் நின்றாலும் நாளுக்கு 1,800. டிரிப் 4 நாளில் முடிந்தால் 7,200 போய் 2,500 நிற்கும். கோவையில் ரிட்டன் லோடுக்கு இரண்டு நாள் காத்திருந்தால் 6 நாளுக்கு 10,800. கையிலிருந்து 1,100 போகும். டிரைவருக்கு அந்த நாட்களின் சாப்பாட்டுக் காசு தனி.

அதனால் வண்டி வாங்கும் முன் டீசல் விலையை விட, நீங்கள் ஓட்டப்போகும் ரூட்டில் ரிட்டன் லோடு எத்தனை நாளில் கிடைக்கிறது என்று இரண்டு மூன்று புக்கிங் ஆபீஸில் விசாரியுங்கள்.