ரத்தப் பரிசோதனை நார்மல், ஆனாலும் மாரடைப்பு: எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. அதிகாலை 4 மணிக்கு நெஞ்சுவலி, வாந்தி, வியர்வை. 5 மணிக்கு மருத்துவமனையில் ட்ரோபோனின் நெகட்டிவ் என்றார்கள். அப்படியிருந்தும் மாரடைப்பு என்று கட்டி கரைக்கும் ஊசி போட்டார்கள். நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கப் போனேன், தடுத்துவிட்டார்கள். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் மயங்கி, ஷாக் கொடுத்தார்கள். மறுநாள் ட்ரோபோனின் பல மடங்கு. ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்து, இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். ஊசியால்தான் இவ்வளவும் நடந்ததா?

பதில்: இல்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய இசிஜி, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ட்ரோபோனின் இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். ரத்தக்குழாய் அடைபட்டு, தசை செல்கள் சாகத் தொடங்கி, அவற்றின் சவ்வு கிழிந்த பிறகுதான் அது ரத்தத்துக்குள் கசியும். உங்கள் அப்பாவுக்குச் செய்தது கார்டு பரிசோதனை. அதில் கோடு தெரியும் அளவுக்குச் சேர பொதுவாக மூன்று நான்கு மணி நேரமாவது ஆகும். வலி வந்து ஒரு மணி நேரத்தில் எடுத்தால் நெகட்டிவ் வருவதுதான் இயல்பு. நுண்ணிய ட்ரோபோனின் பரிசோதனை இன்னும் சீக்கிரம் காட்டும், ஆனாலும் முதல் மணி நேரத்தில் அதையும் முழுசாக நம்ப முடியாது.

இசிஜி அப்படியில்லை. அடைப்பு விழுந்த சில நிமிடங்களிலேயே மாறும். உங்கள் அப்பாவின் இசிஜியில் 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி கோடு நன்றாகத் தூக்கியிருக்கிறது. இதயத்தின் அடிப்பக்கம் அடிபடுகிறது என்று அர்த்தம். இதைப் பார்த்த பிறகும் ட்ரோபோனின் ஏறட்டும் என்று காத்திருந்தால், அது ஏறும் அதே நேரத்தில் தசையும் செத்துக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்துக்குப் போக வழியில்லை என்பதால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், ஹெப்பாரின் கொடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டிபிளேஸ் போட்டிருக்கிறார்கள். 5.25-க்கு ஊசி. சரியான வேகம்.

சார்பிட்ரேட் விஷயத்தில் அந்த டியூட்டி டாக்டருக்கு ஒரு சபாஷ். அப்பாவின் பிரஷர் அப்போது 90/60, நாடித்துடிப்பு 48. வலது மார்பில் லீடு வைத்து எடுத்த இசிஜியிலும் எஸ்டி தூக்கியிருந்தது, அதாவது வலது கீழறையும் அடிபட்டிருந்தது. அப்படி அடிபட்ட அறையால் தானாக வலுவாகத் தள்ள முடியாது. உடம்பிலிருந்து நிறைய ரத்தம் வந்து நிரம்பினால்தான் அது ரத்தத்தை முன்னே அனுப்பும். சார்பிட்ரேட் சிரைகளை விரித்து அந்த வரத்தைக் குறைத்துவிடும். பிரஷர் சட்டென்று சரியும். அதனால்தான் அவருக்கு சலைன் ஏற்றி, துடிப்பைக் கூட்ட அட்ரோபின் போட்டிருக்கிறார்கள். நெஞ்சுவலி என்றாலே சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் எப்போதுமே பயம் உண்டு.

அப்புறம் அந்த ஷாக். 5.50-க்கு வந்தது வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன். கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் கிடைக்காத தசையில் மின்னோட்டம் தாறுமாறாவதால் இது வருகிறது. மாரடைப்பின் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். மருத்துவமனைக்கு வரும் முன்பே இறந்துபோகிறவர்களில் பலரைக் கொல்வது இதுதான். அடைப்பு திறந்து ரத்தம் திரும்பப் பாயும் நேரத்திலும் துடிப்பு தடுமாறுவதுண்டு என்பதால் ஊசிக்குப் பங்கே இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஊசி போடாவிட்டாலும் இந்த ஆபத்து இருந்தது. மானிட்டரில் படுத்திருந்ததால்தான் உடனே ஷாக் கொடுக்க முடிந்தது.

மறுநாள் எண் எகிறியதும் பயந்திருக்கிறீர்கள். குழாய் திறந்ததும், தேங்கிக் கிடந்த ட்ரோபோனின் மொத்தமாக அடித்துக்கொண்டு வெளியே வரும். அதனால் எண் சீக்கிரமே உச்சத்துக்குப் போகும். ஊசி வேலை செய்ததா என்பதை அந்த எண்ணில் பார்ப்பதில்லை. 90 நிமிடம் கழித்து எடுத்த இசிஜியில் எஸ்டி கோடு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது, வலியும் போய்விட்டது. பார்க்க வேண்டியது அதைத்தான். ட்ரோபோனின் ஒரு வாரம், பத்து நாள் வரை ரத்தத்தில் தங்கும். அந்த நாட்களில் மறுபடி வலி வந்தால் ஒரே ஒரு ட்ரோபோனின் எண்ணை வைத்துப் புதிய அடைப்பா என்று சொல்வது கடினம். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும் சிகே-எம்பி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை அப்போது உதவும். சில மணி நேர இடைவெளியில் ட்ரோபோனினை மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்றும் பார்க்கலாம்.

இனி வீட்டில் வலி வந்தால் முதலில் 108-ஐ அழையுங்கள். காத்திருக்கும்போது அவரை உட்கார வைத்து, ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லையென்றால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லுங்கள். சார்பிட்ரேட் உங்கள் இதய மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், அதுவும் பிரஷர் பார்த்த பிறகே. மேல் எண் 90-க்குக் கீழே இருந்தாலோ, ஆண்மைக்குறைவுக்கான மாத்திரையை முந்தின இரண்டு நாளில் எடுத்திருந்தாலோ வேண்டவே வேண்டாம்.