நாள் குறிக்கும் முன் எழுதும் வரி

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் தேவகோட்டை, வேலை பெங்களூரில். போன ஞாயிறு எனக்குப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்குப் பள்ளத்தூர். எங்கள் அப்பச்சி தையில் கல்யாணத்தை வைக்கலாம் என்கிறார். மாப்பிள்ளையின் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், அதனால் வைகாசி என்கிறார்கள் அங்கே. இடமும் முடிவாகவில்லை. நாங்கள் இருவரும் மோதிரம் மாற்றிய படத்தை இன்ஸ்டாகிராமில் போட ஆசைப்படுகிறோம். நான் எழுதி வைத்திருக்கும் கேப்ஷன் இது: "பெரியவர்கள் ஆசியுடன் எங்கள் திருமணம் நிச்சயிக்கப்பட்டது! வரும் தையில் தேவகோட்டைப் பெரிய வீட்டில் சந்திப்போம். அனைவரும் வருக!" அம்மா இப்போது எதுவும் போடவேண்டாம் என்கிறார்கள். தேதி முடிவாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் என் வாழ்த்து. காத்திருக்க வேண்டாம், படத்தைப் போடுங்கள். ஆனால் இந்த வரிகளோடு வேண்டாம். உங்கள் அம்மா பயப்படுவது படத்தைப் பார்த்து இல்லை, வரிகளைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதியதில் மூன்று வாக்கியம். முதலாவது நடந்ததைச் சொல்கிறது. மற்ற இரண்டும் நடக்காததைச் சொல்கின்றன.

"பெரிய வீட்டில்" என்ற சொல்லில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அடிபட்டது அதில்தான். என் அண்ணன் மகளுக்குப் பேசி முடித்த மறுநாள் அவளும் இப்படித்தான் எழுதினாள்: "ஆவணியில் நம்ம வீட்டில் கல்யாணம்." அவளைப் பொறுத்தவரை அது நம்ம வீடுதான், அந்த வளவில் ஓடி விளையாடி வளர்ந்தவள். ஆனால் அந்த வீட்டுக்கு ஏழு பங்கு. இரண்டு பங்குக்காரர்கள் மலேசியாவில், ஒருவர் கோயம்புத்தூரில். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு. அதில் ஒரு விசேஷம் வைப்பதென்றால் பங்காளிகள் எல்லாரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அதே மாதத்தில் வேறு பங்குக்காரர் வீட்டு விசேஷம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் விட்டு முகப்பிலிருந்து பின்கட்டுவரை தூசி தட்டிக் கழுவி, வயரிங் பார்த்து, கிணற்று மோட்டாரை ஓடவைக்க வேண்டும். அண்ணன் இதில் எதையுமே தொடங்கியிருக்கவில்லை. அதற்குள் யாரோ அந்தப் பதிவைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, மலேசியாவில் இருந்த பெரியப்பா மகன் இரவு பதினொரு மணிக்குப் போன் செய்து, "வீட்டைக் கேட்காமலே நாள் குறிச்சிட்டீகளா?" என்று கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை. மனத்தாங்கல் தீர ஒரு மாதம் ஆனது. கடைசியில் கல்யாணம் தையில், காரைக்குடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆவணி என்று நம்பிப் பணம் திரும்பாத டிக்கெட் எடுத்திருந்த என் சித்தி மகளால் அதற்கு வரமுடியவில்லை. அவளிடம் யாரும் ஆவணி என்று நேரில் சொல்லவில்லை, கேப்ஷனைப் படித்தாள், அவ்வளவுதான்.

உங்கள் பெரிய வீட்டுக்கு எத்தனை பங்கு என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே பங்கு என்றாலும் இடத்தின் பெயரை இப்போது எழுதாதீர்கள். பள்ளத்தூர்க்காரர்கள் அந்த வரியைப் படித்தால், பேச வேண்டிய ஒன்றைப் பெண் வீட்டார் தாங்களாகவே முடிவு செய்துவிட்டதாகத்தான் அவர்களுக்குப் படும்.

அடுத்து "வரும் தையில்". தைக்கும் வைகாசிக்கும் நாலு மாதம் இடைவெளி. மாதத்தின் பெயரை ஒருமுறை எழுதிவிட்டால், பிறகு தையே முடிவானாலும் உங்கள் வீடு வென்றதாகத் தெரியும், வைகாசி ஆனால் விட்டுக்கொடுத்ததாகத் தெரியும். இரண்டு வீட்டாரும் கலந்து பேசி எடுத்த முடிவாக அது யார் கண்ணுக்கும் படாது. மாப்பிள்ளையின் அண்ணனுக்கு லீவு கிடைக்கிறதா என்பது உங்கள் கையில் இல்லை, அப்பச்சி கையிலும் இல்லை. "விரைவில்" என்று எழுதித் தப்பிக்கலாம் என்று தோன்றும். நம் ஊரில் "விரைவில்" என்றால் அடுத்த முகூர்த்த மாதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதுவும் வேண்டாம்.

"அனைவரும் வருக" என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் பக்கத்தில் "சொல்வது" என்றாலே அது அழைப்பு. "எனக்கு வந்து சொன்னாக", "எனக்குச் சொல்லவே இல்லை" என்று ஆயுள் முழுக்க ஞாபகம் வைத்துப் பேசுகிற சொல் அது. பத்திரிகை அடித்த பிறகும் வீடு வீடாகப் போய்ச் சொன்னால்தான் சொன்னதாக அர்த்தம். அந்த வேலை உங்கள் அப்பச்சியுடையது, அம்மாவுடையது. நீங்கள் அந்த மூன்றெழுத்தை எழுதிவிட்டால், உங்களைப் பின்தொடர்கிற கல்லூரித் தோழிகள், அலுவலகத்தில் இருப்பவர்கள், தோழியின் தோழி எல்லோருக்கும் நீங்கள் சொல்லியாகிவிட்டது. பந்திக்கு எத்தனை இலை என்று தெரியாமல் சமையல்காரரிடம் பேச முடியாது, அந்தக் கணக்கு இரண்டு வீட்டிலும் இன்னும் போடவே இல்லை. இன்னொரு பக்கம், ஊரில் இருக்கிற பெரியவர்கள், "போனில் வருக என்று போட்டதோடு சரியா?" என்பார்கள். அதனால் இந்த வரியில் வாழ்த்தை மட்டும் கேளுங்கள், வரச்சொல்லிக் கேட்காதீர்கள்.

இனி, நாள் முடிவாகவில்லை என்பதை எப்படிச் சொல்வது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். "இன்னும் எதுவும் முடிவாகவில்லை" என்று எழுதினால் சம்பந்தமே முடிவாகவில்லையோ என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். "இரு வீட்டாரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்" என்பது இன்னும் மோசம், சீர், நகை என்று ஏதோ இழுபறி நடக்கிற மாதிரி கேட்கும். "திருமணம் நிச்சயிக்கப்பட்டது" என்பதற்கும் நாள் குறித்தாகிவிட்டது என்றே பலர் பொருள் கொள்வார்கள். நம் வீடுகளில் இதற்கென்றே இரண்டு சொல் இருக்கின்றன. சம்பந்தம் உறுதியானதைச் சொல்ல "பேசி முடித்திருக்கிறார்கள்". தேதி இனிமேல்தான் என்பதைச் சொல்ல "நாள் பார்க்கிறார்கள்". இரண்டாவதில் யார் மேலும் குறை இல்லை, தாமதம் என்ற எண்ணமும் வராது. எல்லாக் கல்யாணத்துக்கும் நாள் பார்க்கத்தான் வேண்டும்.

அந்தச் சொற்களை வைத்து முதலில் இப்படி எழுதிப் பார்த்தேன்:

"பெரியவர்கள் ஆசியோடு எங்களுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள். நாள் குறித்ததும் வீட்டார் உங்களுக்குச் சொல்வார்கள்."

படித்துப் பார்த்தால் கடைசி வரியில் மறுபடியும் அந்தச் "சொல்வார்கள்" வந்து உட்கார்ந்திருக்கிறது. படிக்கிற ஒவ்வொருவருக்கும் அப்பச்சி வந்து அழைப்பார் என்று வாக்குக் கொடுத்ததாகிவிடும். அதை எடுத்துவிட்டேன். உங்கள் பெயர் மட்டும் முதலில் வருகிறதா, அவர் பெயர் மட்டும் வருகிறதா என்ற பேச்சும் எழாமல், இரண்டு ஊரையும் சேர்த்து இப்படி:

"தேவகோட்டைக்கும் பள்ளத்தூருக்கும் உறவு சேர்ந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் பெரியவர்கள் பேசி முடித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள், குறித்ததும் இங்கே எழுதுகிறோம். இப்போதைக்கு உங்கள் வாழ்த்து வேண்டும்."

இன்ஸ்டாகிராமில் நீளமான கேப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் முதலில் தெரியும், மீதியைத் தொட்டுத் திறக்க வேண்டும். அதனால் பேசி முடித்த செய்தி முன்னால் இருக்கட்டும். திறக்காமல் போகிறவர்களும் சரியானதைத்தான் தெரிந்துகொள்வார்கள். கோயில் பெயர், வீட்டு விலாசம் இரண்டையும் இதில் சேர்க்காதீர்கள். அவை பத்திரிகைக்கு உரியவை, அங்கே அவற்றைப் பெரியவர்கள் வரிசை பார்த்துப் போடுவார்கள்.

நீங்கள் ஒன்றும் அவர் ஒன்றுமாகத் தனித்தனியே போடாதீர்கள். இருவர் பக்கத்திலும் ஒரே பதிவாக வரும்படி கொலாப் முறையில் போடுங்கள். அப்போது வரி ஒன்றுதான் இருக்கும். பெண் வீட்டார் ஒரு மாதிரி எழுதினார்கள், மாப்பிள்ளை வீட்டார் வேறு மாதிரி எழுதினார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லை. போடும் முன் வரிகளை உங்கள் அம்மாவிடமும் அவருடைய அம்மாவிடமும் வாசித்துக் காட்டுங்கள். அனுப்பி வைப்பதைவிட வாசித்துக் காட்டுவது நல்லது. எந்த இடத்தில் முகம் சுருங்குகிறது என்று தெரியும்.

அப்புறம், போடுவதற்கு இரண்டு நாள் முன்பே இரண்டு வீட்டிலும் போன் பேசி முடித்திருக்க வேண்டும். உங்கள் அம்மான், அத்தை, அப்பத்தா, பங்காளி வீடுகள், பிறகு வெளிநாட்டில் இருப்பவர்கள். அவர் பக்கத்திலும் அதே மாதிரி ஒரு பட்டியல் இருக்கும். விட்டுப்போனது யார் என்று அம்மாவுக்குத்தான் தெரியும், அதனால் பட்டியலை அவர்களே எழுதட்டும். தாய்மாமனே பேசி முடித்ததைப் போன் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டால், நான் மேலே சொன்ன வரிகள் எவ்வளவு கவனமாக இருந்தும் பயனில்லை.

போட்ட ஐந்தாவது நிமிஷம் கீழே, "எப்போ?" "எங்கே?" என்று கேட்பார்கள். நீங்கள் பாசத்தில் "தையில் இருக்கும்" என்று ஒருவருக்கு எழுத, மாப்பிள்ளை தன் நண்பருக்கு "மே மாதம்" என்று எழுத, ஒரே பதிவின் கீழே இரண்டு பதிலும் நிற்கும். "நாள் பார்க்கிறாங்க, குறிச்சதும் எழுதுறோம்" என்பதை இருவரும் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கிய தோழிக்கு லீவு போடவேண்டும் என்றால் தனியாகப் போனில் பேசுங்கள். தை, வைகாசி இரண்டில் ஒன்றாக இருக்கலாம், டிக்கெட் மட்டும் இப்போது எடுத்துவிடாதே என்று சொல்லுங்கள்.

நாள் குறித்து, இடம் முடிவாகி, இரண்டு வீட்டு நகரத்தார் கோயிலிலும் கல்யாண மாலைக்குச் சொல்லியான பிறகு புதிதாக ஒரு பதிவு போடுங்கள். பழைய கேப்ஷனில் போய்த் தேதியைச் சேர்க்காதீர்கள். முன்பே பார்த்தவர்களுக்கு அது மறுபடி கண்ணில் படாது, இதற்குள் யாராவது படம்பிடித்து வைத்திருப்பதும் மாறாது.

அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர்கள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா