மூணு போட்டோவுல எது பவர் ஸ்ப்ரேயர்?

"பாரிமுனைக் கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் மூணு போட்டோ வந்திருக்கு. உத்திரமேரூரில் இருக்கும் அண்ணனுக்கு வயலில் மருந்து தெளிக்க பவர் ஸ்ப்ரேயர் வாங்கணும். எல்லாமே டேங்க்தான், எது கையால் அடிக்கிறது, எது பவர்?"

சார், டேங்கைப் பார்க்காதீங்க. அழுத்தம் எங்கிருந்து வருதுன்னு தேடுங்க.

முதல் போட்டோவில் பக்கவாட்டில் நீளமா ஒரு லீவர் இருக்கே, அது முதுகில் மாட்டும் கைத்தெளிப்பான். ஒரு கை லீவரை அடிச்சுக்கிட்டே இருக்கணும், மறு கையில் குழாய். புதுசுன்னா லீவரைக் கழட்டித் தனியா வெச்சிருப்பாங்க. அப்போ டேங்குக்கு அடியில் லீவர் மாட்டும் கம்பி நீட்டிக்கிட்டிருக்கான்னு பாருங்க.

இரண்டாவதில் தோள்பட்டை வாரே இல்லை, தலையில் பம்புக் கைப்பிடி. அது ஹேண்ட் பம்ப். முதலில் காற்றடிச்சு வெச்சு, அப்புறம் விசையை அழுத்தித் தெளிக்கணும். ரோஜாத் தொட்டிக்குச் சரி, வயலுக்கு ஆகாது.

மூணாவதில்தான் சிக்கல். கடைக்காரர் 'பவர்' என்கிறார், ஆனா போட்டோவில் லீவரும் இல்லை, இன்ஜினும் தெரியலை. பெட்ரோல் பவர் ஸ்ப்ரேயர்னா டேங்கோடு சைலன்சர், இழுத்து ஸ்டார்ட் பண்ணும் கயிறு, சின்ன பெட்ரோல் டேங்க் எல்லாம் ஒட்டியிருக்கும். இதில் அடியில் கறுப்பா ஒரு சுவிட்சும் சார்ஜர் ஓட்டையும் மாதிரி தெரியுது. அப்படின்னா பேட்டரி தெளிப்பான். அதையும் பவர்னு சொல்லி விக்கிறது வழக்கம்தான். முதுகுப்பக்கமும் அடிப்பக்கமும் தெரியுற மாதிரி இன்னொரு போட்டோ கேளுங்க.