புகையில்லா சிறையும் முதல் மூன்று ராத்திரிகளும்

அன்புள்ள டாக்டர்,

நான் பத்தொன்பது வருடமாகச் சிறையில் வார்டராக இருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம். எங்கள் சிறையைப் புகையில்லா சிறை என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு வாரம்தான் அவகாசம். முதல் மூன்று ராத்திரி தூங்க முடியவில்லை. ஒரே கதவு தட்டல், சண்டை. வருடக்கணக்கில் சத்தமே போடாத ஒருவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார். போலீஸ் லாக்கப்பிலிருந்து அன்று ராத்திரி வந்த ஒரு பையன் கைகால் நடுங்கி உட்கார்ந்திருந்தான். 'சிகரெட் இல்லாத நடுக்கம், சரியாகிவிடும்' என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். மேலதிகாரிகள் எல்லாமே நடிப்பு என்கிறார்கள். நானும் புகைப்பவன்தான். அந்த வாரம் நானும் தேவையில்லாமல் கத்தினேன். இது உண்மையிலேயே உடம்பு செய்வதா? நான் மேலே எதைக் கேட்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்தப் பையனைப் பற்றிப் பேசிவிடுகிறேன், உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய இடம் அதுதான். சிகரெட் நின்றவனுக்குக் கைகால் அப்படி நடுங்குவதில்லை. எரிச்சல், கோபம், பதற்றம், ஓரிடத்தில் உட்கார முடியாமை, எதிலும் கவனம் நிற்காமை, தூக்கமின்மை, மனச்சோர்வு, அதிகப் பசி, இவைதான் நிக்கோட்டின் நின்றதன் அடையாளங்கள். நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறையும். குடி திடீரென்று நின்றவனுக்கு நேர்மாறாக நடக்கும்: நாடி வேகமாக ஓடும், வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், குமட்டும். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாவது நாள் வாக்கில் இல்லாதவர்களோடு பேச ஆரம்பித்தால் உயிருக்கே ஆபத்து. நிக்கோட்டின் நின்று யாரும் சாவதில்லை, குடி நின்று சாகிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே இருப்பது லாக்கப்பில் மிகச் சாதாரணம். அதனால் நடுக்கத்தைப் பார்த்தால் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். நூறைத் தாண்டி ஓடி, உள்ளங்கையும் ஈரமாக இருந்தால் 'சரியாகிவிடும்' என்று விட வேண்டாம். உடனே மருத்துவரை எழுப்புங்கள்.

இனி மற்றவர்கள். நடிப்பு என்று சொல்பவர்களுக்கு நீங்கள் ஒரு கணக்கைக் காட்டலாம். ரத்தத்தில் இருக்கும் நிக்கோட்டின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ராத்திரி எட்டு மணிக்குக் கடைசி சிகரெட் பிடித்த ஒருவரைப் பத்து மணிக்கு உள்ளே கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசலிலேயே பாதி போய்விட்டது. பன்னிரண்டுக்குக் கால் பங்கு. இரண்டு மணிக்கு அரைக்கால். விடியற்காலை நாலு மணிக்குப் பதினாறில் ஒரு பங்கு. வீட்டில் என்றால் இந்த நேரமெல்லாம் தூக்கத்தில் போய்விடும், எழுந்ததும் முதல் சிகரெட் அதைச் சரிசெய்துவிடும். செல்லில் தூக்கமும் இல்லை, முதல் சிகரெட்டும் இல்லை. அவஸ்தை இரண்டாவது, மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் மெல்ல இறங்கி இரண்டிலிருந்து நாலு வாரத்தில் அடங்கும். உங்கள் மூன்று ராத்திரிக் கணக்கு உடம்பின் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

சிறை மருத்துவமனையில் நான் வேலை செய்த காலத்தில் ஒருவரைப் பார்த்தேன். உள்ளே வந்து இரண்டாவது நாள். போர்வையின் ஓரத்தையெல்லாம் நூல் நூலாகப் பிரித்து, ஒவ்வொரு நூலையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கேட்ட கேள்வியைப் பாதியிலேயே மறந்துவிட்டு 'என்ன கேட்டீங்க?' என்றார். மூன்று தடவை இப்படி. போர்வையைக் கிழித்ததற்காக அன்று காலைதான் அவர்மீது புகார் எழுதியிருந்தார்கள். அந்தப் புகாரில் எங்கேயும் சிகரெட் என்ற வார்த்தை இல்லை. அதே நிலையில் இருக்கும் ஒருவரை விசாரணைக்கு உட்கார வைத்து, மேஜைமேல் ஒரு சிகரெட்டை வைத்து, 'கையெழுத்துப் போடு, தருகிறேன்' என்று சொன்னால் அந்த வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு? இது என்னை இன்றும் உறுத்துகிற விஷயம்.

அதற்காகத் தடையே தப்பு என்று நான் சொல்லவில்லை. மூடிய கட்டிடத்தில் அடுத்தவர் விடும் புகையை வருடக்கணக்கில் சுவாசித்தவர் நீங்கள்தான். ஸ்காட்லாந்தில் 2018 நவம்பர் 30 அன்று எல்லா சிறைகளிலும் புகைக்குத் தடை வந்தது. முன்னும் பின்னும் காற்றை அளந்து பார்த்தார்கள். தடை வந்த அந்த வாரத்திலேயே புகையின் நுண்துகள் ஏறக்குறைய எண்பது சதவீதம் குறைந்திருந்தது. அதனால் முதலில் பயன்பெறுவது வார்டரின் நுரையீரல். ஆனால் அங்கே சிகரெட்டை எடுத்துவிட்டு வெறுங்கையோடு விடவில்லை. தோல் வழியாக நிக்கோட்டின் தரும் ஒட்டுப்பட்டை இருந்தது, விட உதவும் ஆட்கள் இருந்தார்கள், மின் சிகரெட்டும் அனுமதிக்கப்பட்டது.

நியூசிலாந்து 2011 ஜூலை 1 முதல் தடை கொண்டுவந்தது. ஒரு வருடம் முன்பே அறிவித்து, அந்த வருடம் முழுக்க ஒட்டுப்பட்டையும் வாயில் வைத்துச் சப்பும் நிக்கோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பழக்கினார்கள். பெரிய கலவரம் ஏதும் இல்லாமல் மாற்றம் நடந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் 2015 ஜூலை 1 என்று நாள் குறித்தது. அதற்கு முந்தைய நாள், ஜூன் 30 அன்று, மெல்போர்னை ஒட்டிய ரேவன்ஹால் விசாரணைக் கைதிகள் சிறையில் பெரிய கலவரம் வெடித்தது. அடக்க மறுநாள் ஆகிவிட்டது. கூட்டம் நெரிந்த சிறை என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் அது விசாரணைக் கைதிகள் சிறை என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தண்டனைக் கைதிக்கு ஒரு வருட அவகாசம் என்றால் அவர் அந்த வருடம் முழுக்க உள்ளேயே இருந்து தயாராகிறார். நேற்று தெருவிலிருந்து கொண்டுவரப்பட்டவருக்கு அந்த அவகாசம் எங்கே? அது கட்டிடத்துக்குக் கொடுத்த அவகாசம். உள்ளே வருகிற ஒவ்வொரு புது ஆளுக்கும் தடை அன்று ராத்திரிதான் ஆரம்பிக்கிறது, பத்து வருடம் கழித்தும் அப்படித்தான். போலீஸ் லாக்கப்பில் எல்லோருமே புது ஆட்கள்.

அதனால் மேலே நீங்கள் கேட்க வேண்டியது, உள்ளே வரும்போது பதிவேட்டில் எழுதுவதற்கு இரண்டு கேள்விகள். கடைசியாக எப்போது புகைத்தாய்? காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட இந்த இரண்டாவது கேள்விதான் உண்மையைச் சொல்லும். அரைமணி நேரத்துக்குள் என்றால் பிடிப்பு பலமானது. 'எழுந்த உடனே' என்றால் அந்த ஆளின் ராத்திரி எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

நான் முன்னால் சொன்ன அந்தப் பத்து மணி ஆளையே எடுத்துக்கொள்வோம். தினம் இருபது சிகரெட், எழுந்த ஐந்து நிமிடத்தில் முதல் சிகரெட். பதிவேடு எழுதும்போதே நாலு மில்லிகிராம் சப்பும் மாத்திரை ஒன்று. அதைக் கடிக்கக் கூடாது, விழுங்கக் கூடாது. கன்னத்தில் ஒதுக்கி இருபது முப்பது நிமிடம் கரைய விட வேண்டும். காபி குடித்த வாயோடு போட்டால் சரியாக உறிஞ்சாது, கால் மணி நேரம் இடைவெளி வேண்டும். கடித்து விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும், 'இது வேலை செய்யவில்லை' என்று துப்பிவிடுவார்கள். கூடவே இருபத்தோரு மில்லிகிராம் ஒட்டுப்பட்டை ஒன்றைக் கையின் மேல்பகுதியில் ஒட்ட வேண்டும். ஒட்டுப்பட்டை வேலை காட்டச் சில மணி நேரம் ஆகும். அதை மட்டும் கொடுத்துவிட்டு 'கொடுத்தாச்சு' என்று போனால் நடுராத்திரி வரைக்கும் ஒன்றும் நடக்காது. அந்த இடைவெளியை நிரப்புவது சப்பும் மாத்திரை. சமீபத்தில் மாரடைப்பு வந்தவரா என்று மட்டும் மருத்துவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒட்டுப்பட்டையை எண்ணிக் கொடுங்கள். பழையதைத் திருப்பித் தந்தால்தான் புதியது. ஆஸ்திரேலியச் சிறைகளில் ஒட்டுப்பட்டையைத் தேயிலையோடு சேர்த்துக் காய்ச்சி, அந்தத் தேயிலையைக் காகிதத்தில் சுருட்டிப் புகைத்திருக்கிறார்கள். அதைப் பற்றவைக்க மின் இணைப்பிலிருந்து பொறி எடுப்பார்கள். திடீரென்று சுவிட்சு போர்டு கருகியிருந்தால், பழைய பட்டை குறைந்திருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பல மருத்துவர்களே கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சிகரெட் புகையில் உள்ள தார், கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகிறது. காபியில் இருக்கும் கஃபீனையும், மனநோய்க்குத் தரும் க்ளோஸபின், ஓலன்ஸபின் மருந்துகளையும் அந்த நொதிதான் உடைக்கிறது. புகை நின்றால் ஒரு வாரத்துக்குள் நொதி வேகம் குறைந்துவிடும். அதே அளவு காபி இப்போது இரண்டு மடங்கு நேரம் உடம்பில் தங்கும், படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். அதையும் சிகரெட் கணக்கிலேயே எழுதிவிடுவோம். அந்த வாரம் காபியைப் பாதியாகக் குறைத்தாலே ராத்திரி கொஞ்சம் அமைதியாகும். க்ளோஸபின் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மடங்குகூட ஆகலாம். எச்சில் ஒழுகத் தூங்கி வழிந்தால், பேச்சு குழறினால், 'இப்போதான் அமைதியாயிட்டான்' என்று சந்தோஷப்பட வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒட்டுப்பட்டை கொடுத்தாலும் இது நடக்கும், ஏனென்றால் நொதியை முடுக்கியது நிக்கோட்டின் இல்லை, புகை. விடுதலையாகி வெளியே போய் மறுபடி புகைக்க ஆரம்பித்தால் நேர்மாறாக ஆகும், மருந்து போதாமல் போகும்.

உங்களைப் பற்றி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஆறாவது மணி நேரத்தில், உள்ளே இருப்பவரின் ரத்தத்தில் என்ன நடக்கிறதோ அதுவேதான் உங்கள் ரத்தத்திலும் நடக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தட்டுகிறார், இந்தப் பக்கம் ஒருவர் கத்துகிறார், இரண்டு பேருக்கும் ஒரே குறை. நீங்கள் அதை ஒத்துக்கொண்டு எழுதியிருப்பது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. ஊழியர்களுக்கும் மாத்திரையும் பட்டையும் உண்டு என்று எழுத்தில் கேளுங்கள். கைதிகளுக்குக் கேட்பதோடு சேர்த்து ஒரே மனுவில் கேளுங்கள். ஷிப்டுக்குக் கிளம்பும்போதே ஒட்டிக்கொள்ளுங்கள், கோபம் வந்த பிறகு ஒட்டினால் அது வேலை செய்வதற்குள் ஷிப்டு பாதி முடிந்திருக்கும்.

தட்டை எறிந்தவர்மீது புகார் எழுதியாகிவிட்டதா? இன்னும் விசாரணை முடியவில்லை என்றால், அவர் கடைசியாகப் புகைத்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்பதை அந்தத் தாளிலேயே சேர்த்து எழுதுங்கள். அந்தப் பையன் என்ன ஆனான் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
எஸ்.