மூன்று பக்கம் தெரிந்தால் சென்ட் தெரியுமா?

"ஐயா, காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்து மூலையில், இரண்டு இட்டேரி சேருமிடத்தில் முக்கோணமாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதைப் பங்காளிக்குக் கொடுக்கப் பேசியிருக்கிறோம். டேப் வைத்து அளந்ததில் 84 அடி, 67 அடி, 59 அடி 6 அங்குலம் வருகிறது. என் கணக்கில் கிட்டத்தட்ட ஆறரை சென்ட். அவர் அஞ்சேமுக்கால்கூட வராது என்கிறார். யார் கணக்கு சரி?"

இரண்டுமே சரியில்லை. உங்கள் மூன்று அளவும் சரியாக இருந்தால் அந்தத் துண்டு 4.54 சென்ட்தான். பேச்சு முடிந்து முன்பணம் கைமாறுவதற்குள் இதை இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நல்லது.

நீங்கள் இருவரும் எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று தெரிகிறது. முக்கோணம் என்றால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பாதி என்று மனதில் இருக்கிறது. நீங்கள் 84-ஐயும் 67-ஐயும் பெருக்கிப் பாதியாக்கியிருக்கிறீர்கள்: 2,814 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் அது 6.46 சென்ட் ஆகிறது. அவர் 84-ஐயும் 59½-ஐயும் எடுத்திருக்கிறார்: 2,499 சதுர அடி, 5.74 சென்ட். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே தவறை இரண்டு பேரும் வெவ்வேறு பக்கங்களை வைத்துச் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

பெருக்கிப் பாதியாக்குவதில் பிழை இல்லை. ஆனால் எதை எதனோடு பெருக்குகிறோம் என்பது முக்கியம். அடிப்பக்கத்தோடு பெருக்க வேண்டியது உயரம். எதிர் மூலையிலிருந்து அடிப்பக்கத்துக்கு நேர்க்குத்தாக வரும் தூரமே உயரம். பக்கவாட்டில் சாய்ந்து வரும் பக்கம் அந்த நேர்க்குத்துத் தூரத்தைவிட எப்போதும் நீளமாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் மூலைமட்டம் வைத்ததுபோல் சேர்ந்தால் மட்டும்தான் பக்கமே உயரமாகிவிடும். அதனால் இரண்டு பக்கங்களைப் பெருக்கிப் பாதியாக்கினால் விடை உண்மையைவிடக் கூடுதலாகவே வரும், ஒருபோதும் குறைவாக வராது. விற்பவருக்கு லாபமான தவறு இது. கொங்கு நாட்டில் தோட்டத்து மூலைத் துண்டுகளைப் பேசி முடிக்கும்போது இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, உயரம் அளக்காமல் பக்கங்களை மட்டும் வைத்துப் பரப்பு கண்டுபிடிக்க வழி உண்டா என்றால், உண்டு. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வரும் ஹெரான் சூத்திரம்தான் அது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் வாழ்ந்த ஹெரான் இதற்கு நிரூபணம் எழுதி வைத்தார். மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழிக்க வேண்டும். பாதியையும், கழித்து வந்த மூன்று எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பரப்பு.

```
s = (a + b + c) / 2
பரப்பு = √( s (s − a)(s − b)(s − c) )
```

உங்கள் நிலத்துக்குப் போட்டுப் பார்ப்போம். முதலில் அங்குலத்தை அடியாக்க வேண்டும். 59 அடி 6 அங்குலம் என்பது 59.5 அடி, 59.6 அல்ல. அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் புள்ளிக்குப் பின்னால் எழுத வேண்டும். 59 அடி 11 அங்குலமாக இருந்து 59.11 என்று தட்டினால், முக்கால் அடிக்கும் மேலே தொலைந்துபோகும். உங்கள் துண்டில் அது சுமார் 24 சதுர அடி.

மூன்றையும் கூட்டினால் 210.5. பாதி 105.25. அதிலிருந்து 84 போனால் 21.25, 67 போனால் 38.25, 59.5 போனால் 45.75. இந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள், மறுபடி 105.25 வர வேண்டும். வராவிட்டால் கழித்தலில் எங்கோ தவறு. இப்போது நான்கு எண்களையும் பெருக்கி, போனில் இருக்கும் கால்குலேட்டரில் வர்க்கமூலம் எடுத்தால்:

```
√(105.25 × 21.25 × 38.25 × 45.75) = 1978.3
```

1,978.3 சதுர அடி. 435.6-ஆல் வகுத்தால் 4.54 சென்ட். சுவாரசியம் என்னவென்றால், நீங்கள் இருவரும் பெருக்காமல் விட்ட அந்த மூன்றாவது ஜோடி, 67-ம் 59½-ம், 1,993 சதுர அடி தருகிறது. உண்மைக்கு மிகப் பக்கம். அந்த இரண்டு பக்கமும் சேரும் மூலை 83 டிகிரி, மூலைமட்டத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதனால்தான் அப்படி.

சூத்திரம் சொல்வதை நம்பாத பங்காளிக்கு நிலத்திலேயே காட்டிவிடலாம். 84 அடிப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். எதிர் மூலைக் கல்லில் டேப்பின் முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் மறுமுனையைக் கயிற்றின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே அளவைப் பாருங்கள். டேப்பை ஒரே இழுப்பில் விறைப்பாக வைத்திருக்க வேண்டும். அளவு குறைந்துகொண்டே வந்து ஓரிடத்தில் திரும்பக் கூட ஆரம்பிக்கும். அந்த மிகக் குறைந்த அளவுதான் உயரம். பரப்பை இரட்டித்து 84-ஆல் வகுத்தால் 47.1 வருகிறது. ஆக உங்கள் டேப்பிலும் 47 அடி 1 அங்குலத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்பின் இருக்கலாம். ஓரடி வித்தியாசம் வந்தால் மூன்று பக்கங்களில் ஏதோ ஒன்றைத் தப்பாக அளந்திருக்கிறீர்கள்.

தப்பு பெரும்பாலும் வேலியில்தான் நடக்கிறது. இட்டேரி ஓரமென்றால் கிளுவை வேலி இருக்கும். வருடக்கணக்கில் தடித்து இரண்டு மூன்றடி அகலமாகிவிட்ட வேலிக்குள் டேப்பை நேராக ஓட்ட முடியாது. முள்ளுக்குப் பயந்து வேலி ஓரமாகவே வளைந்து வளைந்து அளந்தால் நீளம் கூடிவிடும். வேலி முடியும் இடத்தை மூலை என்று எடுத்துக்கொண்டால் குறைந்துவிடும். எல்லைக் கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடுவுக்குத்தான் அளக்க வேண்டும். இடையில் வேலி மறித்தால், இரண்டு கல்லிலிருந்தும் உள்பக்கமாக ஒரே தூரம், உதாரணமாக நான்கு நான்கு அடி, நேர்க்குத்தாகத் தள்ளி ஆளுக்கொரு முளை அடித்துக்கொள்ளுங்கள். முளைக்கு முளை அளந்தால் கல்லுக்குக் கல் இருக்கும் அதே நீளம்தான். நேர்க்குத்து பார்க்க மேஸ்திரிகள் செய்வதுபோல் 3, 4, 5 அடி அளவில் கயிற்று முக்கோணம் போதும். நிலம் சற்றுச் சரிவாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். 84 அடிக்கு எட்டடி இறக்கம் இருந்தாலும், சரிவோடு அளந்த நீளம் நாலரை அங்குலம்தான் கூடும்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் துண்டு நல்ல உருவத்தில் இருக்கிறது. அதில் 84-ஐ 85 என்று ஓரடி தப்பாக அளந்திருந்தாலும் பரப்பு ஐந்து சதுர அடிதான் மாறும். எல்லாத் துண்டும் இப்படி இருக்காது. கீழ்பவானி வாய்க்கால் கரையோரம் ரோடும் வாய்க்காலும் நெருங்கும் இடங்களில், வெட்டிவிட்ட துணி ஓரம் மாதிரி நீளமாக, ஒல்லியாகத் துண்டுகள் கிடக்கும். அப்படி ஒன்று 120, 70, 54 அடி என்று வைத்துக்கொள்வோம். சூத்திரப்படி 929 சதுர அடி. இப்போது நீளப் பக்கத்தை 121 என்று அளந்துவிட்டோம். பரப்பு 813 ஆகிவிடுகிறது. ஓரடிப் பிழைக்கு 116 சதுர அடி, கால் சென்டுக்கும் மேலே போய்விட்டது. அதுவும் பக்கம் கூடியதற்குப் பரப்பு குறைகிறது. 70-ம் 54-ம் சேர்ந்து 124 அடிதான். நீளப் பக்கம் 124-ஐ நெருங்க நெருங்க முக்கோணம் தட்டையாகி ஒரு கோடாகவே ஆகிவிடும். 124-ஐத் தாண்டி அளந்திருந்தால் கழித்து வரும் எண்களில் ஒன்று மைனஸ் ஆகி, கால்குலேட்டர் விடையே தராமல் பிழை காட்டும். அப்போது அளவு தப்பு என்று உடனே புரிந்துவிடும். தாண்டாமல் பக்கத்தில் நின்றுவிட்டால்தான் ஆபத்து. விடை வரும், ஆனால் நம்ப முடியாது.

அதனால் இரண்டு சிறிய பக்கங்களின் கூட்டுத்தொகை பெரிய பக்கத்தைவிட மிகக் கொஞ்சமே கூடுதலாக இருந்தால், ஹெரானை விட்டுவிட்டு உயரத்தையே அளந்துவிடுங்கள். இந்த ஒல்லித் துண்டின் உயரம் பதினைந்தரை அடி. அதை மூன்று அங்குலம் தப்பாக அளந்தாலும் பரப்பில் 15 சதுர அடிதான் மாறும்.

நான்கு பக்கமுள்ள துண்டை அளக்க வேண்டி வந்தால் நான்கு பக்கம் மட்டும் போதாது. கயிற்றுக் கட்டிலின் சட்டம் லூசாகி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நான்கு சட்டமும் அதே நீளம்தான், ஆனால் நடுவில் படுக்கிற இடம் குறைந்துவிடுகிறதே. எதிரெதிர்ப் பக்கங்களைச் சராசரி எடுத்துப் பெருக்குகிற வழக்கமும் இதே காரணத்தால்தான் கூடுதலாகக் காட்டும். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு அளவு எடுத்துவிட்டால் இரண்டு முக்கோணமாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம்.

கடைசியாகப் பத்திர விஷயம். நீங்கள் போட்ட கணக்கு விலை பேசுவதற்கு. நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும்போது உட்பிரிவுக்காக சர்வேயர் வந்து அளப்பார், புல வரைபடத்தில் அளவுகள் மீட்டரில் இருக்கும், பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் வரும். ஒரு ஏர் 2.47 சென்ட். ஆகவே உங்கள் துண்டு அங்கே 1.84 ஏர் என்று வர வேண்டும். நீளப் பக்கம் 25.6 மீட்டர். அந்தத் தாளைப் பார்க்கும்போது இந்த இரண்டு எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பங்காளியையும் கூட்டிக்கொண்டு போய் அந்த 47 அடி உயரத்தை இருவருமாக ஒருமுறை அளந்துவிடுங்கள்.