Photoshop-இல் படத்தில் சட்டைக் கையை நீட்டுவது: கேள்வி பதில்

ஸ்ரூடியோ உதவியாளர், உவர்மலை: கலியாணப் படம். பொம்பிளையின்ர மெரூன் பட்டுச் சட்டைக்குக் கை நாலு விரல் நீளம்தான். வீட்டுக்காரர் முழங்கை வரை வேணுமாம். மார்புப் பக்கத்துத் துணியை கொப்பி எடுத்து ஒட்டினால் ஸ்டிக்கர் மாதிரி நிக்குது. எங்க பிழை?

பதில்: முதல் பிழை துணி எடுத்த இடத்தில். மார்புப் பக்கத்துத் துணி கமராவைப் பார்த்துக்கொண்டு தட்டையாகக் கிடக்குது, கை உருளை. உருளையில் நடுவில் வெளிச்சமும் இரண்டு ஓரத்திலும் இருட்டும் விழ வேணும். தட்டையான துணியில் அந்த ஏற்ற இறக்கமே இல்லை. அதால்தான் கண் உடனே "ஒட்டினது" என்று சொல்லுது.

படம் 8×12 அங்குலம், 300 dpi, அதாவது 2400×3600 px என்று வைப்போம். பொம்பிளையின் மேற்கை அதில் ஏறக்குறைய 250 px அகலம் வரும். முதலில் Pen Tool-ஆல் புதுக் கையின் உருவத்தை வரையுங்கோ. தோலின் கோட்டிலேயே வரையக் கூடாது, துணிக்குத் தடிப்பு இருக்கு. வெளிப்பக்கம் 3 முதல் 5 px, அடிப்பக்கம் 8 முதல் 12 px தள்ளி வரையுங்கோ, ஏனென்றால் துணி கீழே தொங்கும். மேற்கை முழங்கையை நோக்கி ஒடுங்கும், சட்டைக் கை அவ்வளவு ஒடுங்காது. அதனால் கைவாயில் இடைவெளி கூடும். நேர்க்குழாய் மாதிரி வரைந்தால் கை கட்டை போல ஆகிவிடும். கைக்கும் இடுப்புக்கும் இடையில் பின்னணி தெரியுற முக்கோண இடைவெளியை மூடிப்போடாதேங்கோ. அதை மூடினால் ஆளே தடித்த மாதிரி தெரியும்.

இந்த உருவத்தைத் தனி லேயரில் மெரூனால் நிரப்பி வையுங்கோ. இனித் துணி. இருக்கிற குட்டைக் கையிலேயே, மடிப்பும் ஜரிகையும் இல்லாத ஒரு துண்டை Lasso-வால் வெட்டி, Feather 3 px கொடுத்து, Ctrl+J அடித்துத் தனி லேயராக எடுங்கோ. குட்டைக் கையில் போதிய இடம் இல்லாவிட்டால் மட்டும் உடல் பக்கம் போங்கோ, அதிலும் வெளிச்சம் சமமாக விழுந்த துண்டாகப் பாருங்கோ. துண்டை உருவத்துக்கு மேல வைத்து Ctrl+Alt+G அடித்தால் உருவத்துக்கு வெளியே போகாது. பிறகு Edit > Transform > Warp. பட்டின் இழை கை போகிற பக்கம் திரும்ப வேணும். முழங்கை மடிந்திருந்தால் இழையும் அந்த இடத்தில் வளைய வேணும். பலர் இதைச் செய்யாமல் விடுகினம், இழை செங்குத்தாகவே நிக்கும்.

வெளிச்சத்தை கைபோன போக்கில் வரைய வேண்டாம். அது அந்தக் கையிலேயே இருக்கு. பழைய படத்தில் இருந்து வெறும் கையின் பகுதியை Ctrl+J எடுத்து, Ctrl+Shift+U-ஆல் நிறத்தை நீக்கி, Gaussian Blur 8 முதல் 10 px கொடுங்கோ. மச்சம், மயிர், நரம்பு எல்லாம் கரைந்து வெளிச்ச மேடும் பள்ளமும் மட்டும் மிஞ்சும். அதைத் துணிக்கு மேல வைத்து, லேயரின் blend mode-ஐ Multiply ஆக்குங்கோ. இந்த இடத்தில்தான் எல்லாரும் மாட்டுப்படுகினம்: தோல் நடுத்தரச் சாம்பலாக வரும், Multiply-இல் அது துணி முழுவதையும் கறுப்பாக்கும். Ctrl+L அடித்து Levels-ஐத் திறந்து, வெள்ளை முனையை இழுத்து, கையின் அதிக வெளிச்சமான இடம் கிட்டத்தட்ட வெள்ளையாக வரும் வரை கொண்டுபோங்கோ. அப்போது நிழல் விழுந்த இடம் மட்டும்தான் துணியை இருட்டாக்கும்.

பழைய கைவாய்தான் அடுத்த பிரச்சினை. அந்த ஜரிகைக் கரை அப்படியே நின்றால், புதுக் கையின் நடுவில் ஒரு பட்டை ஓடும். கரையை Lasso-வால் வெட்டித் தனி லேயரில் எடுத்து, புதுக் கைவாயில் Warp பண்ணி வையுங்கோ. பழைய இடத்தை Clone Stamp-ஆல் துணியாக்குங்கோ. இணைப்பு முழுவதும் மறையாவிட்டால் அந்த இடத்தில் மெல்லிய சாய்வு மடிப்பு ஒன்று வரையலாம். கை அசையும் இடத்தில் பட்டு மடிவது இயல்பு.

கைவாயின் வளைவையும் வடிவாகப் பாருங்கோ. நேரே தொங்குகிற கையில், கமரா உயரத்துக்குக் கீழே இருக்கிற கைவாய் கீழ்நோக்கி வளையும், ஒரு கோப்பையின் வாயை மேலே இருந்து பார்த்தால் முன்விளிம்பு தெரிகிற மாதிரி. கமராவுக்கு மேல இருந்தால் வளைவு மேல்நோக்கி வரும். நேர்கோடாக வெட்டினால் மற்றது எல்லாம் சரியாக இருந்தும் படம் காகிதம் மாதிரி நிக்கும்.

ஒன்று கேட்கிறேன்: வீட்டுக்காரர் சொன்னது சரி, பொம்பிளையிடம் கேட்டீங்களா? சட்டையும் கையும் அவவின்ரது. அவவின் சம்மதம் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

அல்பம் வடிவமைப்பாளர், திருகோணமலை நகரம்: இவ்வளவு மினக்கெட வேணுமோ? கைவாய்க்குக் கீழ கறுப்பு பிரஷ் 50 வீதம் ஒரு இழுப்பு இழுத்தா நிழல் வந்திடும். நாங்க அப்படித்தான் செய்யிறனாங்கள்.

பதில்: நிழல் அவசியம், அதில் நீங்கள் சொல்வது சரி. நிழல் இல்லாவிட்டால் துணி தோலில் படாமல் மிதக்கும். ஆனால் கறுப்பு கூடாது. எங்கட ஆட்களின் தோல் நிறத்தில் கறுப்பைக் கலந்தால் அது சாம்பலாகத்தான் வரும், காயம் பட்ட இடம் மாதிரி இருக்கும். தோலின் நிழல் செம்பழுப்பு. அதே படத்தில் முழங்கை மடிப்பிலோ, விரல்களின் இடுக்கிலோ Eyedropper-ஆல் நிறத்தை எடுங்கோ. புதிய லேயர், Multiply, 30 முதல் 40 வீதம், மென்மையான பிரஷ் 10 px அளவு. வெளிச்சம் வருகிற பக்கம் நிழல் மெல்லிசாக, மற்றப் பக்கம் தடிப்பாக இருக்க வேணும். ஒரே தடிப்பில் சுற்றி வரைந்தால் கையில் நூல் கட்டின மாதிரி ஆகும்.

இதோடு இன்னொன்று. மெரூன் துணியின் சாயல் தோலிலும் கொஞ்சம் தெறிக்கும். blend mode-ஐ Color ஆக்கின புதிய லேயரில் துணியின் நிறத்தை 8 முதல் 12 வீதம், கைவாயில் இருந்து ஒரு விரல் தூரத்துக்கு, மெல்லத் தடவுங்கோ. இருக்கிறதே தெரியாது, லேயரை நிறுத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும்.

தையல்காரி, உப்புவெளி: எனக்கு ஒரு வாடிக்கையாளரின் பட்டுச் சட்டைக் கையை மூன்று அங்குலம் நீட்ட வேணும். துணி மிச்சம் இல்லை. அதே நிறம் கடையிலும் இல்லை. எப்படித் தெரியாமல் ஒட்டுறது?

பதில்: அக்கா, நாங்கள் கதைக்கிறது படத்தைப் பற்றி. ஆனாலும் சொல்லுறன். முதலில் கைவாய் மடிப்பைப் பிரித்துப் பாருங்கோ, ஒரு அங்குலமாவது உள்ளே மடித்திருப்பினம். மிச்சத்துக்கு ஒத்த நிறம் தேட வேண்டாம், பட்டில் கொஞ்சம் வித்தியாசமும் வெயிலில் காட்டிக்கொடுக்கும். சேலையின் முந்தானைக் கரை நிறத்தில் துண்டு வைத்து, இணைப்பு ஜரிகைக் கரைக்குக் கீழ வருகிற மாதிரித் தையுங்கோ. அப்போது அது ஒட்டாகத் தெரியாது, வேலைப்பாடாகத் தெரியும்.

படப்பிடிப்பாளர், கிண்ணியா: நிக்காஹ் அல்பம். மணமகளின் கை முழங்கைக்குக் கீழ வெறுமையா இருக்கு. வெள்ளை நெட் துணியால் மணிக்கட்டு வரை மூடச் சொல்லுகினம். மருதாணி கையில் தெரியவும் வேணும். 60 வீதம் ஒப்பாசிட்டியில் வெள்ளை போட்டேன், பவுடர் பூசின மாதிரி இருக்கு.

பதில்: 60 வீதம் என்று முழுக் கைக்கும் ஒரே அளவு கொடுத்ததுதான் காரணம். நெட் துணியை விரல்களுக்கு இடையில் பிடித்துப் பாருங்கோ: நேரே பார்க்கிற இடத்தில் ஓட்டைகள் திறந்திருக்கும், தோல் தெரியும். கை வளைந்து திரும்புகிற ஓரத்தில் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி ஓட்டைகள் மறையும், துணி வெள்ளையாகத் திரளும். ஆகவே கையின் நடுவில் 25 வீதம், இரு ஓரத்திலும் 60 வரை ஏறட்டும். லேயரின் மாஸ்கில் மென்மையான பிரஷால் இதைச் செய்யலாம். நெட்டின் கட்டம் தெரியாவிட்டால் எவ்வளவு சரியாகக் கலந்தாலும் பவுடர்தான். அவவின் முக்காட்டிலேயே நெட் இருந்தால் அந்தத் துண்டை எடுத்து, கட்டம் ஓரத்தில் குறுகும்படி Warp செய்யுங்கோ. அதே அல்பத்தில் இருந்து எடுத்த கட்டத்தின் அளவு தானாகப் பொருந்தும்.

மருதாணி மணிக்கட்டுக்கு மேலேயும் ஏறி இருந்தால் அதை அழிக்க வேண்டாம். நெட்டுக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தால்தான் துணி மேல கிடக்குது என்று கண் நம்பும்.

நிலாவெளியிலிருந்து: அப்பாவின் முப்பத்தொராம் நாளுக்கு நினைவுப் படம் செய்யிறோம். நல்ல முகம் உள்ள ஒரேயொரு படம் கடற்கரையில் பெனியனோடு எடுத்தது. வெள்ளைச் சேட் போட்டுத் தரச் சொன்னால் கடையில் வைத்த சேட் தலைக்குப் பொருந்தவே இல்லை.

பதில்: சேட் நிழலில் எடுத்த படத்தில் இருந்து வந்திருக்கும். மதிய வெயிலில் கடற்கரையில் எடுத்த படத்தில் வெளிச்சம் இரண்டு பக்கத்தால் வரும்: மேலே சூரியன், கீழே மணலில் பட்டுத் திரும்பி வருகிற இளமஞ்சள். நாடிக்குக் கீழயும் கையின் அடியிலும் கடும் இருட்டு இருக்காது. நிழலில் எடுத்த சேட்டில் அந்த இடங்கள் இருட்டாகவும் நீலச் சாயலாகவும் இருக்கும்.

தம்பி ஒருவருக்கோ உங்களுக்கோ வெள்ளை அரைக்கைச் சேட் போட்டு, அதே கடற்கரையில், அப்பாவின் படத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கோ அதே பக்கம் விழுகிற நேரத்தில் எடுங்கோ. தோள் திரும்பி இருக்கிற கோணத்தையும் கமரா உயரத்தையும் ஒத்துப் பாருங்கோ. இந்த ஒரு படம் கிடைத்தால் மேலே சொன்ன வேலையில் பாதி குறையும். அரைக்கையே போதும், முழுக்கை வேண்டாம். அப்பாவின் சொந்தக் கை கொஞ்சமாவது தெரிந்தால் அவராகவே இருப்பார். பெனியனின் தோள்பட்டி வெளியே தெரியாமல் கொலரை வையுங்கோ, கழுத்தில் கொலரின் நிழலை மறக்காதேங்கோ.

அல்பம் வடிவமைப்பாளர், திருகோணமலை நகரம்: Multiply-ஐ விட Soft Light நல்லம் என்று நான் இன்னும் நினைக்கிறன். பட்டின் மினுக்கம் அதில்தான் நிக்குது.

பதில்: மினுக்கமான பட்டுக்கு நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கு. Soft Light வெளிச்சத்தையும் ஏத்தும். பருத்தியில் அது எண்ணெய் பூசின தோலின் பளபளப்பைத் துணிக்குக் கொண்டுவந்துவிடும், அங்கே எனக்கு Multiply-தான். இரண்டையும் பாதிப் பாதியாக வைக்கிறவர்களும் இருக்கினம். ஒன்றுதான் சரி என்று நான் சொல்லமாட்டேன்.

ஸ்ரூடியோ உதவியாளர், உவர்மலை: நீங்கள் சொன்னபடி செய்தேன், நல்லா வந்திருக்கு. ஆனால் பெரிதாக்கினால் புதுக் கை மட்டும் வழுவழு என்று நிக்குது. அவவிடம் கேட்டேன், அவவுக்கும் முழங்கை வரைதான் விருப்பமாம். இதே மாதிரி அடையாள அட்டைப் படத்துக்கும் செய்யலாமோ?

பதில்: Warp செய்த துணி படத்தின் மணிமணியான தன்மையை இழந்துவிடும். Filter > Noise > Add Noise, Gaussian, Monochromatic, 1.5 வீதத்தில் தொடங்கி, 200 வீதம் பெரிதாக்கிப் பக்கத்துப் பழைய துணியோடு ஒப்பிட்டு ஏத்துங்கோ. நிழல் லேயர்கள் முடிந்த பிறகு கடைசியாகச் செய்யுங்கோ. அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் வேண்டாம், அங்கே ஆளைக் கையுள்ள சட்டையோடு திரும்ப உட்காரவைத்து எடுக்கிறதுதான் முறை.